ரிஸ்க் பலகையில் பகடைக் கணக்கு: தாக்குதலுக்கு எத்தனை படை வேண்டும்?

உலக வரைபடப் பலகையில் பகடை உருட்டி நாடு பிடிக்கும் ஆட்டம் ரிஸ்க். அதை விளையாடுபவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. "தாக்குறவனுக்கு மூணு பகடை, காக்குறவனுக்கு ரெண்டுதான், அதனால அடிச்சுக்கிட்டே போகலாம்" என்பது ஒன்று. "எங்கிட்டயும் நாலு, அவங்கிட்டயும் நாலு, பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்பது மற்றொன்று. முதலாவதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. இரண்டாவது தப்பு. இரண்டையும் நம்பி ஆடுபவர் ஆட்டத்தின் நடுவிலேயே ஆசியாவில் சிதறிப்போய், மிச்ச நேரம் முறுக்கு தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாமா வீட்டில் ஞாயிறு சாயங்காலம் இந்த ஆட்டம் நடக்கும். மே மாதத்தில் எல்லோரும் ஏற்காட்டுக்குக் கிளம்பினால் அதே பலகை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே வந்துவிடும். பழைய பெட்டி, பாதிக் காய்கள் தொலைந்துவிட்டன. கறுப்புப் படைக்குப் பதிலாக இப்போது வறுக்காத காப்பிக்கொட்டைதான். காற்றடித்தால் ஒரு முழுப் பட்டாளமே கிரீன்லாந்திலிருந்து உருண்டு கடலில் விழும். அந்த இழப்புக்குக் கணக்கு கிடையாது. பகடையால் வரும் இழப்புக்கு உண்டு, அதுவும் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதுமான கணக்குதான்.

## முதலில் விதி

1957இல் பிரான்சில் வெளிவந்த ஆட்டம் இது. உருவாக்கியவர் ஆல்பர்ட் லாமோரிஸ், தொழிலால் திரைப்பட இயக்குநர். விதி மிகச் சின்னது. தாக்குபவர் ஒன்று முதல் மூன்று பகடை வரை உருட்டலாம். காப்பவர் ஒன்றோ இரண்டோ உருட்டலாம். தாக்குபவர் தன் நாட்டில் குறைந்தது ஒரு படையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எனவே மூன்று பகடை உருட்ட நாட்டில் நான்கு படையாவது இருக்க வேண்டும். காப்பவர் இரண்டு பகடை உருட்ட இரண்டு படை இருக்க வேண்டும்.

உருட்டியபின் இரு பக்கமும் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்குகிறோம். தாக்குபவரின் பெரிய எண்ணைக் காப்பவரின் பெரிய எண்ணோடு ஒப்பிடுகிறோம். பிறகு இரண்டாவதை இரண்டாவதோடு. ஒவ்வொரு ஜோடியிலும் தோற்றவர் ஒரு படையை எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால், அதாவது சமனாக இருந்தால், காப்பவருக்கே வெற்றி.

ஓர் உதாரணம். தாக்குபவருக்கு 5, 3, 1 விழுகிறது. காப்பவருக்கு 5, 2. முதல் ஜோடி 5க்கு 5, சமன், தாக்குபவர் ஒரு படையை இழக்கிறார். இரண்டாவது ஜோடி 3க்கு 2, காப்பவர் ஒன்றை இழக்கிறார். அந்த 1 சும்மா கிடக்கிறது.

இந்தக் கட்டுரையில் "தாக்கும் படை" என்று சொல்லும்போதெல்லாம், பின்னால் நிற்க வேண்டிய அந்த ஒன்றைக் கழித்த எண்ணிக்கையைச் சொல்கிறேன். இந்தியாவில் எட்டுக் காய் இருந்தால் தாக்கும் படை ஏழு. இதில் குழம்பியே பாதிப் பேர் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

## மூன்றாவது பகடை என்ன செய்கிறது?

மாம்பழ சீசனில் ஒரே கூடையிலிருந்து இரண்டு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பழம் எடுத்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இரண்டு பழம், அதுவே அவர் பங்கு. இன்னொருவருக்கு மூன்று பழம், ஆனால் சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் இருவர் கையிலும் இரண்டிரண்டு பழம்தான். ஆனாலும் மூன்றில் பொறுக்கியவர் கையில் இருப்பவை பெரியவை. அவருடைய பெரிய பழம் மற்றவரின் பெரிய பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இரண்டாவது பழத்தில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் மற்றவருக்குச் சொத்தையாக வந்திருந்தாலும் அதை மாற்ற வழியில்லை.

பகடையில் இதை எண்ணாகவே பார்க்கலாம். இரண்டு பகடை உருட்டினால் பெரியது சராசரியாக 4.47, சிறியது 2.53. மூன்று உருட்டினால் பெரியது 4.96, நடுவில் இருப்பது 3.5. பெரியதில் வித்தியாசம் அரைப் புள்ளி. இரண்டாவதில் கிட்டத்தட்ட ஒரு முழுப் புள்ளி.

மூன்றாவது பகடை தனியாக யாரையும் கொல்வதில்லை. தாக்குபவரின் இரண்டாவது எண்ணைத் தூக்கிவிடுவதுதான் அதன் முக்கிய வேலை.

## சமன் எவ்வளவு தின்கிறது?

மூன்றுக்கு இரண்டு பகடை என்று நூறு முறை உருட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஜோடியை மட்டும் பார்த்தால், சராசரியாக 47 முறை தாக்குபவரின் எண் பெரிது, 28 முறை காப்பவரின் எண் பெரிது, மிச்சம் 25 முறை இரண்டும் சமன். சமன் இல்லாத ஆட்டமாக இருந்தால் தாக்குபவர் எங்கேயோ போயிருப்பார். ஆனால் அந்த 25ம் காப்பவர் கணக்கில் சேர்வதால் 47க்கு 53 என்று ஆகிவிடுகிறது. ஆமாம், மூன்று பகடை வைத்திருந்தும் முதல் ஜோடியில் தாக்குபவர்தான் அதிகம் தோற்கிறார்.

இரண்டாவது ஜோடியில் கதை வேறு. நூற்றுக்கு 61 முறை தாக்குபவர் ஜெயிக்கிறார், 39 முறை தோற்கிறார். முதல் ஜோடியில் விட்டதை இங்கே பிடித்து, மேலேயும் கொஞ்சம் சம்பாதிக்கிறார். இரண்டையும் கூட்டினால் நூறு உருட்டலில் காப்பவர் 108 படையை இழக்கிறார், தாக்குபவர் 92 படையை இழக்கிறார்.

அதே தாக்குபவர் இரண்டு பகடை மட்டும் உருட்டினால்? இரு பக்கமும் ஒரே மாதிரி எண்கள், சமன் முழுவதும் காப்பவர் பக்கம். நூறு உருட்டலில் தாக்குபவர் 122 இழக்கிறார், காப்பவர் 78தான். ஒரே ஒரு பகடை குறைந்ததில் லாபம் அப்படியே நஷ்டமாகத் திரும்பிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இரண்டு பகடையால் காக்கும் எதிரியிடம் தாக்குபவருக்குச் சாதகம் மூன்று பகடை இருக்கும்வரைதான். அந்தச் சாதகமும் 108க்கு 92 என்ற அளவுக்குத்தான். "அடிச்சுக்கிட்டே போகலாம்" என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதில்லை.

## ஒரு உருட்டலும் ஒரு போரும்

ஒரு நிகழ்வு நூற்றுக்கு எத்தனை முறை நடக்கும் என்பதை நிகழ்தகவு என்கிறோம். மூன்றுக்கு இரண்டு பகடை உருட்டலில் மூன்று முடிவுகள் வரலாம். காப்பவர் இரண்டையும் இழப்பதற்கு 37%. ஆளுக்கு ஒன்று இழப்பதற்கு 34%. தாக்குபவர் இரண்டையும் இழப்பதற்கு 29%. எதிரியிடம் ஒரே ஒரு படை மிஞ்சியிருந்தால் மூன்றுக்கு ஒன்று, அப்போது தாக்குபவருக்கு 66%. இரண்டுக்கு ஒன்று என்றால் 58%. ஒன்றுக்கு ஒன்று என்றால் 42%.

நாம் தெரிந்துகொள்ள விரும்புவது ஒரு உருட்டலை அல்ல, போர் முழுவதையும். நாட்டைப் பிடிப்போமா, இல்லை படை தீர்ந்து நிற்போமா? இதற்குக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். தாக்கும் படை ஒன்று, எதிரி ஒன்று என்றால் விடை 42%. இரண்டுக்கு ஒன்று என்றால், முதல் உருட்டலிலேயே 58% ஜெயிக்கலாம். தோற்கும் 42%இல் ஒன்றுக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்து, அங்கே மறுபடி 42% வாய்ப்பு உண்டு. 42%இல் 42% என்பது ஏறத்தாழ 17.5. இரண்டையும் கூட்டினால் 75%. இப்படியே மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று படிப்படியாக மேலே ஏறிப் போகலாம். ஒரு நோட்டுப் பக்கத்தில் அடங்கும் வேலை, மழை பெய்து வெளியே போக முடியாத ஏற்காட்டு மதியத்துக்கு ஏற்றது.

அப்படி ஏறிப் போனால் அந்த "பாதிக்குப் பாதி" நம்பிக்கை என்னவாகிறது என்று தெரியும். மூன்று படையால் மூன்றைத் தாக்கினால் நாட்டைப் பிடிக்க 47%. நான்கால் நான்கைத் தாக்கினால் 48%. ஐந்தால் ஐந்தைத் தாக்கினால் 51%. இரு பக்கமும் சமமாக இருந்தால் ஐந்தில்தான் தாக்குபவர் முதன்முறையாகப் பாதியைத் தாண்டுகிறார்.

காரணம் மேலே பார்த்ததுதான். சின்னப் போரில் இரண்டே உருட்டலில் தாக்கும் படை மூன்றுக்குக் கீழே போய்விடலாம். அதோடு மூன்றாவது பகடை கையைவிட்டுப் போகிறது. பெரிய போரில் மூன்று பகடை நீண்ட நேரம் கையில் இருக்கும், எனவே அந்தச் சின்னச் சாதகம் சேர்ந்துகொண்டே போகும். பெரிய கூட்டத்தோடு மோத வேண்டியிருந்தால் தாக்குபவராக இருப்பது நல்லது. சில்லறைச் சண்டையில் காப்பவராக இருப்பது நல்லது.

## சயாமில் நாலு பேர்: எத்தனை அனுப்புவது?

எங்கள் வீட்டில் அடிக்கடி வரும் நிலைமையை எடுத்துக்கொள்வோம். என் படை இந்தியாவில். எதிரி சயாமில் நான்கு படையோடு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்திரேலியாக் கண்டத்துக்குள் போக அந்த ஒரு வாசல்தான். கண்டத்தைப் பிடித்து வைத்திருந்தால் முறைக்கு இரண்டு படை கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் கண்.

நான்கு தாக்கும் படை இருந்தால் சயாமைப் பிடிக்க 48%. ஐந்து என்றால் 64%. ஆறு என்றால் 74%. ஏழு என்றால் 83%. எட்டு என்றால் 89%. இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஏற்றத்தைப் பாருங்கள். ஐந்தாவது படை 16 புள்ளியைக் கொண்டுவருகிறது. ஆறாவது 10, ஏழாவது 9. எட்டாவது வந்தால் 6 புள்ளிதான். அந்த எட்டாவதை வேறு எல்லையில் காவலுக்கு நிறுத்தினால் அதிகப் பலன் இருக்கும். அதனால் ஏழில் நிறுத்துவதுதான் என் வழக்கம். ஆறோடு போகிறவரையும் குறை சொல்ல மாட்டேன், நாலில் ஒரு தடவை தோற்கத் தயாராக இருந்தால் சரி.

ஏழு என்பது எதிரியைவிட மூன்று அதிகம். இந்த மூன்று தற்செயலாக வந்தது இல்லை. காப்பவரின் ஒரு படையை வீழ்த்த சராசரியாக 0.85 படை செலவாகிறது (92ஐ 108ஆல் வகுத்தால் வருவது). நான்கு பேரை வீழ்த்த ஏறத்தாழ மூன்றரை போகும். ஏழில் மூன்றரை போனால் மிச்சம் மூன்றரை. அதாவது கடைசி உருட்டல்வரை மூன்று பகடை கையில் இருக்க நல்ல வாய்ப்பு. எதிரியிடம் இரண்டு படை இருக்கும்போது ஐந்தால் தாக்கினால் 89%, மூன்றை ஆறால் தாக்கினால் 86%, ஐந்தை எட்டால் தாக்கினால் 82%. எல்லாம் 80ஐத் தாண்டுகின்றன.

எனவே ஐந்து படை வரை உள்ள நாட்டுக்கு: எதிரியின் எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டினால் தாக்கும் படை. அதோடு பின்னால் நிற்க ஒன்று. சயாமில் நான்கு என்றால் இந்தியாவில் எட்டுக் காய்.

83% என்றால் நிச்சயம் என்று அர்த்தமில்லை. தோற்க 17% இருக்கிறது. ஒற்றைப் பகடையை உருட்டி அதில் 1 விழும் வாய்ப்பும் அதே அளவுதான், ஆறில் ஒன்று. 1 விழுந்ததே இல்லை என்று சொல்லும் ஆள் யாராவது உண்டா?

## சயாமோடு நிற்காமல் போனால்

ஏழு படையோடு கிளம்பியவர்கள் சயாமைப் பிடித்த சூட்டில் இந்தோனேசியாவையும் பிடிக்கப் பார்ப்பார்கள். அங்கே இரண்டே பேர்தான், சில்லறை வேலை என்று தோன்றும். ஆனால் கிளம்பும்போதே இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஏழு படையால் இரண்டு நாட்டையும் பிடிக்கும் வாய்ப்பு 56%. 83% எங்கே, 56% எங்கே!

சயாமில் ஜெயித்துக் கையில் மிஞ்சும் படை சராசரியாக நாலோ ஐந்தோ. அதில் ஒன்று சயாமிலேயே நிற்க வேண்டும். மிச்சத்தை வைத்து இந்தோனேசியாவின் இரண்டு பேரோடு மோதும்போது மூன்றாவது பகடை சீக்கிரமே கழன்றுவிடும். எதிரியிடம் இருப்பது இரண்டு பேர்தான், ஆனால் அந்த நாடு நம்மிடம் கேட்பது மூன்று: இரண்டு பேரைச் சமாளிக்க இரண்டு, பின்னால் விட்டுப்போக ஒன்று.

அந்த மூன்றைக் கூட்டிப் பத்துத் தாக்கும் படையோடு கிளம்பினால் இரண்டு நாட்டையும் பிடிக்கும் வாய்ப்பு மறுபடி 83%. அதே எண். எனவே தொடர் தாக்குதலுக்கு முன்சொன்ன கணக்கையே நீட்டினால் போதும். முதல் நாட்டுக்கு எதிரியின் எண்ணிக்கையோடு மூன்று. அதற்குப்பின் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரியின் எண்ணிக்கையோடு ஒன்று. நியூ கினியா மாதிரி ஒற்றைக் காவலர் நிற்கும் நாடுகளில் இது கொஞ்சம் தாராளமான கணக்கு. மூன்று பகடையோடு ஒற்றை ஆளை வீழ்த்த சராசரியாக அரைப் படைதான் செலவு, நிற்கப் போகும் ஒன்றையும் சேர்த்தால் ஒன்றரை. மிஞ்சியது கையில் இருக்கட்டும்.

## எங்கே நிறுத்துவது?

திட்டம் போடுவது ஒரு பாதி. உருட்ட ஆரம்பித்தபின் வாய்ப்பு ஒவ்வொரு உருட்டலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே ஆடுவது மறுபாதி. ஏழால் நான்கைத் தாக்கும் ஒரு போரை உருட்டல் உருட்டலாகப் பார்ப்போம்.

முதல் உருட்டல்: எனக்கு 6, 4, 2. அவருக்கு 6, 3. ஆறுக்கு ஆறு சமன், எனக்கு ஒன்று போச்சு. நாலுக்கு மூன்று, அவருக்கு ஒன்று. இப்போது ஆறுக்கு மூன்று, வாய்ப்பு 86%. ஆளுக்கு ஒன்று போனால் எனக்கு வாய்ப்பு கூடுகிறது, பெரிய பட்டாளம் வைத்திருப்பவருக்குச் சமமான இழப்பு லாபம்தான்.

இரண்டாவது: எனக்கு 5, 5, 1. அவருக்கு 6, 5. இரண்டும் போச்சு. ஐந்துக்கு ஐந்து சமன் என்பதால் போன அந்த இரண்டாவது படைதான் வலிக்கும். இப்போது நாலுக்கு மூன்று, 64%.

மூன்றாவது: எனக்கு 4, 3, 3. அவருக்கு 5, 2. ஆளுக்கு ஒன்று. மூன்றுக்கு இரண்டு, 66%.

இங்கேதான் ஆட்டக்காரர் கையை எடுத்து யோசிக்க வேண்டும். இந்தியாவில் நாலு காய் நிற்கிறது. இன்னும் மூன்று பகடை உருட்டலாம், ஆனால் இதுவே கடைசியாக இருக்கலாம். உருட்டினால் 37% வாய்ப்பில் சயாம் உடனே விழும். 34% வாய்ப்பில் ஆளுக்கு ஒன்று போய் இரண்டுக்கு ஒன்று ஆகும், அங்கிருந்து 75%. ஆனால் 29% வாய்ப்பில் இரண்டும் போய் ஒன்றுக்கு இரண்டு ஆகும், அங்கிருந்து 11%தான். அப்போது இந்தியாவில் மிஞ்சுவது இரண்டே காய், பக்கத்து வீடு மத்திய கிழக்கு.

மத்திய கிழக்கில் யாரும் கூட்டம் சேர்க்கவில்லை, இந்த முறை இன்னும் ஒரு நாட்டையும் பிடிக்கவில்லை, பிடித்தால்தான் முறை முடியும்போது ஒரு சீட்டு கிடைக்கும் என்றால் உருட்டுவேன். மத்திய கிழக்கில் ஒன்பது பேர் நின்றால் உருட்ட மாட்டேன். 66% என்ற எண் இரண்டு நிலைமையிலும் ஒன்றுதான். தோற்றால் என்ன போகும் என்பதுதான் வேறு.

எதிரியிடம் இரண்டோ அதற்கு மேலோ இருந்து, தாக்கும் படை இரண்டுக்கு இறங்கிவிட்டால் எனக்கு யோசனையே இல்லை, நிறுத்திவிடுவேன். இரண்டுக்கு இரண்டு என்றால் 36%. எதிரியிடம் ஒருவர் மட்டும் இருந்தால் இரண்டை வைத்தும் தாராளமாகத் தாக்கலாம்.

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவிடாமல் செய்வது பெரும்பாலும் "ரெண்டு தடவ தொடர்ந்து போச்சு, இந்தத் தடவ கண்டிப்பா விழும்" என்கிற பேச்சு. பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது. மூன்றுக்கு இரண்டு உருட்டலில் தாக்குபவர் இரண்டு படையையும் இழப்பது அடுத்தடுத்து இருமுறை நடக்கும் வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்றுக்குப் பக்கம். ஒரு சாயங்காலத்தில் எத்தனை உருட்டல் என்று பார்த்தால் இது நடக்காமல் போனால்தான் ஆச்சரியம். நடந்தபின்னும் அடுத்த உருட்டலுக்கு அதே 37, 34, 29தான். பகடையை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினாலும் மாறாது, எங்கள் வீட்டில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

## காப்பவர் செய்யும் ஒரு தப்பு

மேசையின் மறுபக்கத்துக்கு வருவோம். காப்பவர் இரண்டு படை வைத்திருந்தும் ஒரே பகடை உருட்ட விதி அனுமதிக்கிறது. மாமா இதை வழக்கமாகவே வைத்திருக்கிறார். "ஒத்தப் பகடை போட்டா ஒரு ஆள்தான்பா போவான். எதுக்கு ரெண்டு பேரப் பணயம் வைக்கணும்?" என்பார்.

"மாமா, அப்ப எங்க பக்கமும் ஒரு ஆள்தானே போவான்? அதுவும் எப்பவாவதுதான்" என்று தங்கை ஒருமுறை சொன்னாள். அவள் சொன்னதுதான் கணக்கு. மூன்றுக்கு ஒன்று உருட்டினால் நூறு உருட்டலில் காப்பவர் 66 படையை இழந்து, எதிரியின் 34ஐ வீழ்த்துகிறார். எதிரியின் ஒரு ஆளை வீழ்த்த அவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு ஆள் செலவு. இரண்டு பகடை உருட்டினால் 108 இழந்து 92ஐ வீழ்த்துகிறார். ஒரு ஆளுக்கு ஒரு ஆளும் கொஞ்சமும். ஒற்றைப் பகடை அழிவைத் தள்ளிப்போடுகிறது, ஆனால் அழிவை இன்னும் நிச்சயமாக்குகிறது. மூன்று பகடையோடு எதிரி வரும்போது இரண்டு உருட்ட முடிந்தால் இரண்டையும் உருட்டுங்கள். மாமா இன்னும் ஒற்றையாகத்தான் உருட்டுகிறார், நாங்களும் வற்புறுத்துவதில்லை.

## பிடித்த நாட்டில் எத்தனை விடுவது?

நாட்டைப் பிடித்ததும், கடைசி உருட்டலில் எத்தனை பகடை போட்டோமோ அத்தனை படையையாவது புது நாட்டுக்கு நகர்த்த வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் எத்தனை என்பது நம் விருப்பம். இதையும் அதே எண்களை வைத்து எதிரியின் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம்.

சயாமுக்குச் சீனாவும் பக்கத்து நாடு. அங்கே ஐந்து காய் வைத்து ஒருவர் காத்திருக்கிறார் என்றால் அவருடைய தாக்கும் படை நான்கு. நான் சயாமில் ஒரே படையை விட்டால் அவர் அதைப் பிடிக்க 97%. இரண்டு விட்டால் 79%. மூன்று விட்டால் 64%. நான்கு விட்டால் 48%, பாதிக்கும் கீழே. முதல் படைக்கு மேல் வைக்கும் ஒவ்வொன்றும் அவருடைய வாய்ப்பை ஏறத்தாழ 15 முதல் 18 புள்ளி குறைக்கிறது. இந்தியாவில் சும்மா நிற்கும் படையை இதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் இந்தியாவுக்கும் சீனா பக்கத்து நாடுதான். இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு என்று பிரித்து வைத்தால் அவர் எதையும் 79% வாய்ப்பில் பிடிக்கலாம். ஒரு இடத்தில் மூன்று, இன்னொன்றில் ஒன்று என்று வைத்தால் ஒற்றை நிற்கும் நாடு போனது போனதுதான், ஆனால் மூன்று நிற்கும் நாட்டைத் தொட அவர் யோசிப்பார். ஆஸ்திரேலியாதான் குறி என்றால் மூன்றையும் சயாமில் வைப்பேன்.